குறித்த நாளில் வாராத சரக்கு: வழங்குநருக்கு எழுதும் மடலின் மொழி

வணிக மடல் என்றவுடன் அதற்கு மொழியியலில் என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். நம் வட்டாரத்தில் துணி, பித்தளைப் பொருள், பூசைப் பொருள், மளிகை முதலியவற்றை இறக்குமதி செய்யும் கடைக்காரர்களில் பலர் தமிழ்நாட்டு வழங்குநர்களோடு தமிழிலேயே பேசுகின்றனர், தமிழிலேயே எழுதுகின்றனர். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அந்தத் தமிழ் எப்படியிருந்தாலும் குறையில்லை. சரக்கு குறித்த நாளில் வாராதபோதுதான் ஒவ்வொரு வினைமுற்றும் ஒவ்வொரு வேற்றுமை உருபும் கணக்கில் சேர்கின்றன. அத்தகைய ஒரு மடலை எவ்வாறு எழுதுவது என்பதே இவ்வுரையின் பொருள். சட்டக் கருத்துகள் இரண்டைத் தொட்டுச் செல்வோம். வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரையே நாட வேண்டும்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு மாதிரி நேர்வை அமைத்துக்கொள்வோம். கிள்ளானில் உள்ள ஒரு துணிக்கடை, ஈரோட்டில் உள்ள ஒரு நெசவு நிறுவனத்திடம் 2025 சூலை 18 அன்று 1,000 பருத்தி வேட்டிகளுக்கு ஆணை தருகிறது. ஒன்றின் விலை 14 ரிங்கிட். மொத்தம் 14,000 ரிங்கிட். அதில் 30 விழுக்காடு, அதாவது 4,200 ரிங்கிட், முன்பணமாகச் செலுத்தப்படுகிறது. புரட்டாசி, தீபாவளி விற்பனைக்கான சரக்கு என்று ஆணையிலேயே குறிப்பிட்டு, செப்டம்பர் 12க்குள் அது கிள்ளான் துறைமுகத்தை வந்தடைய வேண்டும் என்று நாள் குறிக்கப்படுகிறது. அந்த நாள் கடந்துவிட்டது, சரக்கு வரவில்லை. செப்டம்பர் 16 அன்று தொலைபேசியில் கேட்டபோது 760 வேட்டிகள் ஆயத்தம், 240 இன்னும் தறியில் உள்ளன என்ற செய்தி கிடைக்கிறது. இதற்கிடையே கோவிலன்பர் குழு ஒன்று, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையாகிய அக்டோபர் 4ஆம் நாள் வழிபாட்டுக்கென 260 வேட்டிகளுக்கு முன்பதிவு செய்து பணமும் கட்டியிருக்கிறது. தீபாவளி அக்டோபர் 20. கடைக்காரர் செப்டம்பர் 18 அன்று மடல் எழுத அமர்கிறார்.

மடலை எழுதத் தொடங்கும் முன் அவர் கையில் எடுக்க வேண்டியது பழைய ஆணையை. அதில் நாள் எந்த வினையோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘12ஆம் தேதிக்குள் அனுப்பிவைக்கவும்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடையே மிகுதி. அனுப்புதல் ஈரோட்டில் நிகழும் செயல். வந்து சேர்தல் கிள்ளானில் நிகழும் செயல். தூத்துக்குடியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கடல்வழி வர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகலாம். துறைமுகத்தில் சுங்க வேலை தனி. ஆகவே ‘அனுப்பு’ என்ற வினைக்கும் ‘சேர்’ என்ற வினைக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு வாரம் ஒளிந்திருக்கிறது. வழங்குநர் 12ஆம் நாள் மாலை கப்பலில் ஏற்றிவிட்டு, ‘சொன்னபடி அனுப்பிவிட்டோமே’ என்றால் அவர் கூற்றில் பிழை காண முடியாது.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று பன்னாட்டு வணிகச் சுருக்கெழுத்துகளில் உண்டு. சி.ஐ.எஃப். கிள்ளான் துறைமுகம் என்று ஆணையில் எழுதியிருந்தால், காப்புறுதியும் கப்பல் கூலியும் கிள்ளான்வரை விற்பவர் பொறுப்பு. இதைப் பார்த்து ‘ஒப்படைப்பும் கிள்ளானில்தான்’ என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இன்கோடெர்ம்ஸ் விதிகளின்படி சி.ஐ.எஃப். முறையில் ஒப்படைப்பு நிகழும் இடம் ஏற்றுமதித் துறைமுகத்தில் நிற்கும் கப்பல், எஃப்.ஓ.பி. முறையிலும் அதுவே. சேரும் இடத்தில்தான் ஒப்படைப்பு என்றால் டி.ஏ.பி. போன்ற வேறு முறை எழுதப்பட்டிருக்க வேண்டும். அல்லது ‘வந்தடைய வேண்டும்’ என்ற தெளிவான தமிழ் வினை இருக்க வேண்டும். நம் கடைக்காரரின் ஆணையில் இரண்டாவது இருந்தது. அது அவருக்கு வாய்த்த நன்மை. ‘அனுப்பிவைக்கவும்’ என்று மட்டும் இருந்திருந்தால் ஐந்தாறு நாள் தாமதத்திற்காக அவர் இத்தகைய மடலை எழுதியிருக்கவே கூடாது. கப்பலில் ஏற்றிய நாளை மட்டும் கேட்டு ஒரு குறிப்பு அனுப்பியிருக்க வேண்டும்.

இனி மடலின் முதல் பத்தி. அது நடந்ததைச் சொல்லும் பத்தி. இங்கே தமிழ் நமக்கு மூன்று வழிகளைத் தருகிறது. ‘நீங்கள் சரக்கை அனுப்பவில்லை’ என்பது ஒன்று. ‘சரக்கு அனுப்பப்படவில்லை’ என்ற செயப்பாட்டுவினை மற்றொன்று. ‘சரக்கு வந்து சேரவில்லை’ என்பது மூன்றாவது. முதல் வாக்கியம் குற்றச்சாட்டு. எழுதுபவருக்கு அது உண்மையா என்று தெரியாது; சரக்கு தூத்துக்குடிக் கிடங்கில் இடம் கிடைக்காமல் கிடக்கலாம். இரண்டாவது வாக்கியம் ஆளை மறைக்கிறதே தவிர அதே தெரியாத செய்தியையே சொல்கிறது. மரியாதை போலத் தோன்றினாலும் குற்றச்சாட்டின் வேகம் குறையவில்லை. மூன்றாவது மட்டுமே எழுதுபவர் தம் கண்ணால் கண்டது. துறைமுகத்தில் சரக்கு இல்லை, அவ்வளவே. கடமை தவறியதை நிறுவ ஆணையில் உள்ள ‘வந்தடைய வேண்டும்’ என்பதும் மடலில் உள்ள ‘வந்து சேரவில்லை’ என்பதும் ஒன்றையொன்று நேர்க்கு நேர் எதிர்கொண்டால் போதும். தன்வினையைத் தேர்வது பணிவுக்காக என்று கருதுவோர் உண்டு. நம் கருத்தில் அதன் பயன் வேறு: மறுக்க முடியாத வாக்கியம் அது ஒன்றே.

இதே பத்தியில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டிலும் விழிப்பு வேண்டும். முன்னிலையாரையும் உளப்படுத்துவது ‘நாம்’, உளப்படுத்தாதது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஆங்கில மாதிரி மடலைப் பார்த்துத் தமிழில் எழுதுவோர் இரண்டையும் கலந்துவிடுகின்றனர். ‘நாம் திட்டமிட்டபடி சரக்கு வரவில்லை’ என்று எழுதினால் திட்டம் இருவருக்கும் பொது, அது தவறியதும் இருவருக்கும் பொது என்ற பொருள் உள்ளே நுழைந்துவிடுகிறது. நாளைக் குறித்தவர் கடைக்காரர், ஒப்புக்கொண்டவர் வழங்குநர். ஆகவே ‘நாங்கள் குறித்து, நீங்கள் ஒப்புக்கொண்ட நாள்’ என்று பிரித்துச் சொல்வதே முறை. இழப்பைச் சொல்லும் இடத்திலும் ‘நாங்கள்’தான். ‘நாம்’ என்ற சொல்லை மீட்புத் திட்டத்திற்கென்று சேமித்து வைக்க வேண்டும். அங்கே அது வரும்போது, இனிச் செய்ய வேண்டியது இருவர் வேலை என்பது ஒரே சொல்மாற்றத்தில் புலப்பட்டுவிடும்.

அடுத்தது பாதிப்பு. நம் வணிக மடல்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான். ‘பெருத்த நட்டம்’, ‘சொல்லொணாச் சிரமம்’, ‘வாடிக்கையாளர்களிடம் தலைகாட்ட முடியவில்லை’ என்றெல்லாம் எழுதுகிறோம். படிப்பவர் மனம் இரங்கலாம்; ஆனால் என்ன செய்தால் அந்தச் சிரமம் நீங்கும் என்பதை அச்சொற்களிலிருந்து அவர் அறிய முடியாது. பாதிப்பைச் சொல்வதன் நோக்கம் வழங்குநர் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவருக்குக் காட்டுவது. நம் நேர்வில் 1,000 வேட்டிகளும் ஒரே தரத்தில் அவசரமானவை அல்ல. 260 வேட்டிகளுக்கு அக்டோபர் 4 என்ற கெடு உண்டு. மற்றவற்றுக்குக் கெடு தீபாவளி; விற்பனைக்கு இரண்டு வாரமாவது வேண்டும் என்றால் அவை அக்டோபர் 6 அளவில் வந்தாக வேண்டும். இந்த இரண்டு வரியே ஒரு பக்கப் புலம்பலைவிட மிகுதியாகச் சொல்லும்.

தொகையைக் குறிக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. விற்பனை விலை 28 ரிங்கிட் என்றால், வாராத 240 வேட்டிக்கு 6,720 ரிங்கிட் நட்டம் என்று பெருக்கி எழுதிவிடுவர். அந்த 240க்கும் அவர் வழங்குநருக்கு 14 ரிங்கிட் வீதம் கொடுக்கப் போவதில்லை. கப்பல் கூலி, சுங்கம், கடைச்செலவு எதுவும் இல்லை. எல்லாம் விற்றிருக்கும் என்பதும் உறுதியில்லை. மிகைப்படுத்திய ஓர் எண், மடலில் உள்ள சரியான எண்களையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். உறுதியாகக் காட்டத்தக்கது வேறொன்று. அந்த 260 வேட்டிகளை உள்ளூர் மொத்த வணிகரிடம் வாங்கினால் ஒன்று 19 ரிங்கிட். ஈரோட்டு விலையைவிட 5 ரிங்கிட் கூடுதல். 260க்கு 1,300 ரிங்கிட். இதற்கு ரசீது இருக்கும். எவரும் கூட்டிச் சரிபார்க்கலாம்.

இங்கே சட்டம் சிறிது குறுக்கிடுகிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் பெரிதும் ஒட்டி அமைந்தது. இழப்பீடு பற்றிய பிரிவு அங்கே 73, இங்கே 74. ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் இழப்புக்கும், ஒப்பந்தம் செய்தபோதே இருவரும் அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு கேட்கலாம். தொலைவான, மறைமுகமான இழப்புக்குக் கேட்க இயலாது. ஆணையில் ‘புரட்டாசி, தீபாவளி விற்பனைக்காக’ என்று சூலையிலேயே எழுதியிருந்தது இப்போது பயன்படுகிறது. அதை முதன்முதலாகச் செப்டம்பர் மடலில் எழுதுவது காலங்கடந்த அறிவிப்பு. அதே பிரிவின் விளக்கக் குறிப்பு இன்னொன்றையும் சொல்கிறது: இடரைத் தணிக்க எத்தகைய வழிகள் இருந்தன என்பதும் இழப்பை மதிப்பிடும்போது கருதப்படும். கைகட்டி இருந்துவிட்டு முழு இழப்பையும் எதிராளி தலையில் கட்ட முடியாது. மீட்புத் திட்டத்தை மடலிலேயே எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீட்புத் திட்டத்தை யார் வகுப்பது? ‘உங்கள் திட்டத்தைத் தெரிவிக்கவும்’ என்று மட்டும் எழுதினால் நான்கு நாள் கழித்து ‘விரைவில் அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்’ என்ற விடை வரும். ஆகவே கடைக்காரரே ஒரு திட்டத்தை முன்வைத்து, அதை ஏற்கிறாரா என்று கேட்பதே நல்லது. சரக்கு மூன்று பகுதியாகப் பிரிகிறது. ஆயத்தமாக உள்ள 760இல் 260ஐ வானூர்தியில் அனுப்ப வேண்டும். ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி சாலை வழியே சில மணி நேரம், அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி வானூர்தி உண்டு. எஞ்சிய 500 கப்பலில் வரலாம். தறியில் உள்ள 240ஐ என்ன செய்வது? 2025இல் ஆயுத பூசை அக்டோபர் 1, விசயதசமி அக்டோபர் 2. அந்நாள்களில் தறிக்கூடங்கள் ஓடா. அதற்கு முன்னும் பின்னும் ஆள் குறைவு. நெய்து, மடித்து, மூட்டை கட்டி, கப்பலேற்றி வந்தால் தீபாவளிக்கு முன் விற்க நாளிருக்காது. அந்த 240ஐ விலக்கிவிடுவதே இருவருக்கும் நல்லது. முழுச் சரக்கையும் கேட்டு வற்புறுத்தினால், தறியில் உள்ளதற்காக ஆயத்தமாக உள்ளதும் காத்துக் கிடக்கும். பல தாமதங்கள் இவ்வாறுதான் நீள்கின்றன.

திட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் செய்பவர், செயல், நாள், செலவு யாருடையது என்ற நான்கும் இருக்க வேண்டும். விடைக்கும் ஒரு கெடு வேண்டும். கெடுவில் மணியைக் குறித்தால் எந்த நாட்டு மணி என்பதையும் குறிக்க வேண்டும்; இந்திய நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. இங்கே மாலை 5 மணி என்பது ஈரோட்டில் பிற்பகல் 2.30. மேலும் ‘22ஆம் தேதிக்குள்’ என்னும்போது 22 உள்ளடங்குமா என்ற ஐயம் எழுவதுண்டு. ‘உள்’ என்ற சொல்லுருபை நம்மில் சிலர் அந்நாளைச் சேர்த்தும் சிலர் சேர்க்காமலும் பொருள்கொள்கின்றனர். நாளோடு மணியையும் எழுதிவிட்டால் இந்த ஐயம் எழாது.

இனி, காலங்கடந்து வரும் சரக்கை ஏற்றுக்கொள்வது பற்றி. இதில்தான் ஒரு வாக்கியம் இல்லாமையால் உரிமையே போய்விடக்கூடும். காலம் இன்றியமையாததாக வைக்கப்பட்ட ஒப்பந்தத்தில் குறித்த நாள் தவறினால், வாங்குபவர் அதை விலக்கிவிடலாம். விலக்காமல், தாமதமாக வந்ததை ஏற்றுக்கொண்டால், தாமதத்தால் நேர்ந்த இழப்புக்கு அவர் ஈடு கோர முடியாது. ஏற்றுக்கொள்ளும் வேளையிலேயே ஈடு கோரும் எண்ணத்தை அறிவித்திருந்தாலன்றி. மலேசியச் சட்டத்தில் இது பிரிவு 56இன் மூன்றாம் உட்பிரிவு. இந்தியச் சட்டத்தில் பிரிவு 55இல் அதே கருத்து உள்ளது. இரு கரையிலும் ஒரே விதி என்பதால் எந்நாட்டுச் சட்டம் செல்லும் என்று இந்த ஒரு கூறில் நாம் குழம்ப வேண்டியதில்லை. கோபமாக எழுதியிருப்பது அறிவிப்பாகாது. ‘எங்கள் இழப்பை நீங்கள் உணர வேண்டும்’ என்பதும் அறிவிப்பாகாது. ‘ஈடு கோரும் எண்ணத்துடனேயே பெற்றுக்கொள்கிறோம்’ என்று வினைமுற்றோடு எழுத வேண்டும்.

இவ்வளவையும் கருத்தில் கொண்டு மடலை எழுதினால் அது பின்வருமாறு அமையும்.

கிள்ளான், 18.9.2025

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: 18.7.2025 நாளிட்ட எங்கள் ஆணை. 1,000 பருத்தி வேட்டிகள். குறித்த நாளில் சரக்கு வந்து சேராமை.

மேற்கண்ட ஆணையின்படி சரக்கு 12.9.2025க்குள் கிள்ளான் துறைமுகத்தை வந்தடைய வேண்டும். நாங்கள் குறித்து, நீங்கள் ஒப்புக்கொண்ட இந்நாள் கடந்து, இன்றுவரை சரக்கு வந்து சேரவில்லை. 760 வேட்டிகள் ஆயத்தம் என்றும் 240 தறியில் உள்ளன என்றும் 16.9.2025 அன்று தொலைபேசியில் தெரிவித்தீர்கள்.

இத்தாமதத்தால் எங்களுக்கு ஏற்பட்டுள்ள நிலை இது. 260 வேட்டிகள் அக்டோபர் 4ஆம் நாள் வழிபாட்டுக்கென முன்பதிவு செய்யப்பட்டவை. அவற்றுக்குப் பணமும் பெற்றுள்ளோம். செப்டம்பர் 29க்குள் அவை எங்கள் கைக்கு வாராவிட்டால், உள்ளூரில் ஒன்று 19 ரிங்கிட் வீதம் வாங்கித் தர வேண்டியிருக்கும். அதனால் நேரும் கூடுதல் செலவு 1,300 ரிங்கிட். எஞ்சியவை தீபாவளி விற்பனைக்குரியவை. அக்டோபர் 6க்குப் பின் வருபவற்றை இவ்வாண்டு விற்க இயலாது.

ஆகவே நாம் பின்வருமாறு செய்யலாம் என முன்வைக்கிறோம். முதலாவதாக, ஆயத்தமாக உள்ளவற்றுள் 260 வேட்டிகளை நீங்கள் வானூர்தி வழியே, செப்டம்பர் 29 நண்பகலுக்குள் கோலாலம்பூர் வந்து சேருமாறு அனுப்ப வேண்டும். கப்பல் கூலியைவிட மிகும் செலவு உங்களுடையது. இரண்டாவதாக, 500 வேட்டிகளை அக்டோபர் 6க்குள் கிள்ளான் துறைமுகத்தை வந்தடையுமாறு கப்பலில் ஏற்றி, ஏற்றிய மறுநாளே கப்பல் சரக்குச் சீட்டின் படியை எங்களுக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவதாக, தறியில் உள்ள 240 வேட்டிகளை இவ்வாணையிலிருந்து விலக்கிக்கொள்கிறோம். 760 வேட்டிகளின் விலை 10,640 ரிங்கிட். முன்பணம் 4,200 ரிங்கிட் போக மீதம் 6,440 ரிங்கிட்டை, இரு பகுதிகளும் வந்து சேர்ந்து சரிபார்த்த மூன்று நாளில் நாங்கள் செலுத்துவோம்.

காலங்கடந்து வரும் இச்சரக்கை நாங்கள் பெற்றுக்கொள்வது எங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது. 12.9.2025க்குள் சரக்கு வந்து சேராமையால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கோரும் எண்ணத்துடனேயே பெற்றுக்கொள்கிறோம் என்பதை இதன்வழி அறிவிக்கிறோம்.

இத்திட்டத்தை ஏற்பதாகச் செப்டம்பர் 22, மலேசிய நேரம் மாலை 5 மணிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். அவ்வாறு விடை கிடைக்காவிட்டால் மறுநாள் 260 வேட்டிகளை உள்ளூரில் வாங்கி, கூடுதல் செலவை மீதத் தொகையில் ஈடுசெய்யக் கோருவோம்.

இங்ஙனம்,
(கையொப்பம்)

மடலில் ‘நீங்கள் செய்தது முறையா’ என்ற வகை வினா ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்திருக்கலாம். ‘நீண்டநாள் நட்பு’ பற்றியும் ஒன்றும் இல்லை. நட்பைக் குறிப்பிடுவதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அதைத் திட்டத்திற்கும் கெடுவுக்கும் நடுவில் வைத்தால் கெடு தளர்ந்துவிடும். மணக்கோலம் போல முதல் வரியில் வைத்துக்கொள்ளலாம். ‘நாம்’ என்பது மடல் முழுவதிலும் ஒரே இடத்தில், திட்டத்தின் வாயிலில் மட்டும் வந்துள்ளது. கடைசிப் பத்தியில் ‘கழித்துக்கொள்வோம்’ என்னாமல் ‘ஈடுசெய்யக் கோருவோம்’ என்றது, தொகையைத் தாமாகக் கழிக்கும் உரிமை ஆணையில் எழுதப்பட்டிராததால். 240ஐ விலக்க முடிந்ததும், குறித்த நாள் தவறினால் பெற மறுக்கலாம் என்று ஆணையில் ஒரு வரி இருந்ததால்தான். அவ்வரி இல்லாதவர்கள் ‘விலக்கிக்கொள்கிறோம்’ என்பதற்கு மாறாக ‘விலக்கிக்கொள்ள உங்கள் இசைவைக் கோருகிறோம்’ என்று எழுத வேண்டும்.

மடல் போன பிறகு வரும் விடையைப் படிப்பதும் ஒரு கலையே. ‘தங்கள் மடல் கண்டோம். வருந்துகிறோம். ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கின்றன. இரண்டொரு நாளில் அனுப்பிவிடுகிறோம்’ என்று விடை வந்தால் என்ன பொருள்? ‘நடந்துகொண்டிருக்கின்றன’ என்பது தொடர்வினை; எதுவும் முடிந்ததாக அது சொல்லவில்லை. ‘அனுப்பிவிடுகிறோம்’ என்பதில் ‘விடு’ என்ற துணைவினை செயல் முற்றுப்பெறும் என்ற உறுதியைத் தருகிறது. காலமோ நிகழ்காலம், நாளோ இல்லை. தமிழில் வாக்குறுதிக்கு இவ்வடிவத்தைப் பயன்படுத்துவது பேச்சு வழக்கில் இயல்பு. கேட்பவர் மனம் நிறைவடைகிறது. ‘இரண்டொரு நாள்’ என்பதில் இரண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. இதை ஏற்பாகக் கொண்டு காத்திருந்தால் 22ஆம் நாள் மாலை வீணே கடந்துபோகும். ‘260 வேட்டிகள் 26ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்படும்; வான்வழிச் சரக்குச் சீட்டு எண் அன்றே வரும்’ என்பது வேறு வகை விடை. அதில் எண்ணிக்கையும் நாளும் இடமும் உள்ளன. அவற்றைச் சரிபார்க்கத் தாளொன்றும் வரப்போகிறது. முதல் வகை விடை வந்தால் அன்றே ஒரு வரி திருப்பி எழுதலாம்: ‘மூன்று பகுதிகளையும் ஏற்கிறீர்களா? 260 வேட்டிகள் புறப்படும் நாள் எது?’ அதற்கும் நாள் வாராவிட்டால் 23ஆம் நாள் காலை உள்ளூர் மொத்த வணிகரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை.

தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்பார் உளர். பேசலாம், பேச வேண்டும். பேசிய பின் அன்றே, ‘இன்று நாம் பேசியபடி’ என்று தொடங்கி, ஒப்புக்கொண்ட நாள்களை மட்டும் எழுதி அனுப்ப வேண்டும். இங்கே ‘நாம்’ முற்றிலும் பொருத்தமே. புலனக் குழுச் செய்தியாக அனுப்பினாலும் போதும். ஆனால் குரற்பதிவாக அனுப்பாதீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு நாளைத் தேடிக் குரற்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருப்பது பெருந்தொல்லை.

இறுதியாகச் சரக்கு வந்து இறங்கும் நாள். ஈடு கோரும் எண்ணம் ஏற்றுக்கொள்ளும் வேளையில் அறிவிக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்வதைப் பார்த்தோம். மடலில் எழுதியாயிற்றே என்று இருந்துவிடாமல், செப்டம்பர் 29 அன்று முதல் பகுதி வந்ததும் பெறுகைச் சீட்டின் படியோடு வழங்குநருக்கு இரண்டு வரி அனுப்புவது பாதுகாப்பு: ‘260 வேட்டிகள் இன்று பெற்றோம். 18.9.2025 மடலில் அறிவித்தவாறு, ஈடு கோரும் உரிமையோடு பெற்றோம்.’ சீட்டில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் கடையின் கிடங்குப் பணியாளர். சரக்கு நல்ல நிலையில் வந்ததற்கு அடையாளமாக ‘அனைத்தும் சரி’ என்று எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் அவருக்கு இருக்கும். அன்று மட்டும் ‘260 உருப்படிகள் எண்ணிப் பெற்றேன்’ என்று எழுதுமாறு அவரிடம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.